பார்க்காத வலது பக்கம்

அன்று மாலை பாஞ்சாலி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு ஈரத் துண்டை மர நாற்காலியின் முதுகில் போட்டேன்.

"இன்னாய்யா, அது மரம்தானே? ஊறிப்போவாதா? முப்பது வருசமா லிஃப்டு ரிப்பேர் பண்றே, ஒரு துண்ட கொடியில போடத் தெரியல" என்றாள்.

துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். அவள் கீரையைக் கழுவ எழுந்து போனாள். எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணமான விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைக் கொடுத்தார்கள்.

கீரைக்குக் காரணம் ரத்தம். பாஞ்சாலி இந்திராநகரில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பரிசோதித்தபோது, பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் எட்டுதான் இருந்தது. தெருவில் எல்லாரும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று சொன்னார்கள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். "வயசு அம்பத்து நாலு. மாதவிலக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு. அப்போ ரத்தம் எங்க போகுது?" வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. இனி கீழிருந்து பெருங்குடலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரம் கொடுத்தார்கள்.

நர்ஸ் டீனா கொடுத்த தாளில் ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் ஆங்கிலம். பாஞ்சாலிக்குக் கன்னடம் பேச வரும், சண்டைகூடப் போடுவாள், படிக்க வராது. ஜோகுபாளையத்தில் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். நான் லிஃப்ட் கம்பெனி கையேடுகளைப் படித்துப் படித்து ஆங்கிலம் பழகியவன். ஏரிப் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருபது வருடமாக உறுப்பினன். அதனால் நானே உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். கையெழுத்து அழகாக வர வேண்டும் என்று இரண்டு தடவை எழுதினேன்.

அதைப் படித்ததும் அவளுக்குக் குழப்பம் தொடங்கியது.

"ஏழு நாள் முன்னாடி இரும்பு மாத்திரைய நிறுத்தணும்னு எழுதியிருக்கே?"

"அந்த மாத்திரையால மலம் கறுப்பா ஒட்டிக்குமாம். உள்ள படம் தெரியாதாம்."

"ரத்தம் இல்லன்னு அவரு மாத்திர குடுப்பாரு, இவங்க நிறுத்தச் சொல்வாங்களா? மூணு நாளைக்குக் கீரை வேண்டாமாம், தக்காளி வேண்டாமாம், கொட்டையுள்ள பழம் வேண்டாமாம், கேழ்வரகு, கம்பு எதுவும் வேண்டாமாம். அப்போ தெனம் ஆயற கீரைய அந்த மூணு நாள் இன்னா பண்றது?"

"நான் சாப்புடறேன்."

"நீ சாப்ட்டா எனக்கு ரத்தம் ஊறுமா?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தக் குழப்பம் எனக்கும் இருந்தது. சேர்க்கச் சொன்னதை நிறுத்தச் சொல்கிறார்கள், சாப்பிடச் சொன்னதை விடச் சொல்கிறார்கள். லிஃப்ட் வேலையில் அப்படி இல்லை. குழியில் எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் குழியைச் சுத்தம் செய்வோம், பிறகு டார்ச் அடித்து எங்கிருந்து கசிகிறது என்று பார்ப்போம். அப்படித்தான் இதுவும் என்று அவளுக்குச் சொன்னேன். "ஓ, இப்போ நான் லிஃப்டுக் குழியா?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிப் போனாள்.

தாள் சொன்னது கடினமான விஷயமே இல்லை. முந்தின நாள் காலை பத்து மணிக்குள் இட்லி, வெள்ளைச் சோறு, மோர் என்று ஏதாவது லேசாகச் சாப்பிடலாம். அதற்குப் பிறகு, கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் அந்தப் பக்கம் தெரிகிற திரவம் மட்டும்: தண்ணீர், இளநீர், பால் இல்லாத டீ, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் கூடாது. உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். மாலை ஆறு மணியிலிருந்து ஒரு லிட்டர், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளராக. மறுநாள் காலை ஐந்து மணியிலிருந்து இன்னொரு லிட்டர், ஆறரைக்குள். ஏழு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. கடைசியில் போவது இளமஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் எழுதினேன். எதையும் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தேதி கொடுத்தபோது இருவருக்கும் நினைவு வரவில்லை.

எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் பத்தொன்பது வருடமாக அண்டாவில் கேழ்வரகுக் கூழ் கிளறுவது பாஞ்சாலிதான். மகள் சுனிதாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது வேண்டிக்கொண்டது. கூழ் கிளறியவள் அம்மனுக்குப் படைத்ததும் முதல் டம்ளரை எல்லார் எதிரிலும் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தெருக்காரர்கள் சொம்பை நீட்டுவார்கள். கூடவே வாழையிலைத் துண்டில் வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைப்பார்கள்.

"கிளறு, ஆனா குடிக்காதே. சின்னத்தாயி குடிக்கட்டும்" என்றேன்.

"கிளறினது நான், குடிக்கிறது அக்காவா? இன்னாய்யா பேசறே?"

சின்னத்தாயி எங்கள் பக்கத்து வீடு. வெள்ளிக்கிழமை விரதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவரே வாசலில் நின்று சொன்னார்: "அண்ணே, இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல வராது. விரதத்துக்கே ஒண்ணும் ஆவறதில்ல, இந்த டெஸ்டுக்கா ஆவப்போவுது? அம்மா பிரசாதம் வயித்துல நிக்குமா?"

மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பாஞ்சாலி கூழ் குடித்தாள். முக்கால் டம்ளர். இரண்டு விரலால் கீரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் மேளக்காரர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் நான் எழுதிய தாள் இருந்தது. முக்கால் டம்ளர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் மருந்து. முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, "உப்புக் கரிக்குது. எலுமிச்சம்பழம் சேத்துச் சோப்புத் தண்ணி கலக்கினாப்புல இருக்கு" என்றாள். மூன்றாவது டம்ளரில் குமட்டினாள். அரை மணி நேரம் விட்டுக் குடிக்கச் சொன்னேன். எப்படியோ எட்டரைக்குள் அந்த லிட்டர் முடிந்தது.

எங்கள் வரிசையில் நான்கு வீடுகளுக்கு ஒரே கழிவறை. மாலையில் எல்லாரும் கோயிலில் இருந்ததால் பிரச்சினை இல்லை. காலையில்தான் சிக்கல். ஐந்து மணிக்கு அவள் எழுந்து இரண்டு டம்ளர் குடித்தாள். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தோடு எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். கோயிலுக்கு வந்து தங்கியிருந்த சின்னத்தாயியின் மருமகன் கழிவறைக்குள் போய்விட்டார். பாஞ்சாலி வாசலில் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. அவர் வெளியே வருவதற்குள் தாங்க முடியாமல் போய்விட்டது. ஐந்தாறு பேர் பார்த்தார்கள். சின்னத்தாயிதான் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கழுவிவிட்டார்.

உள்ளே வந்து புடவை மாற்றியவள் மீதி மருந்தைத் தொடவில்லை. அரை லிட்டருக்கு மேல் இருந்தது. "ஆட்டோவுல போகும்போது வந்துட்டா? போதும்யா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வற்புறுத்த வரவில்லை. பாட்டிலை அங்கணத்தில் கவிழ்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டீனா கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து பத்து மணிக்கு மேல எதுனா சாப்டீங்களாம்மா?"

"ஒண்ணுமே சாப்புடலம்மா" என்றாள் பாஞ்சாலி. அவள் பொய் சொல்லவில்லை. அம்மன் கூழை அவள் சாப்பாடு என்று நினைக்கவே இல்லை. என்னிடம் கேட்டிருந்தாலும் நான் அதைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் இருந்தாள்.

"மருந்து ரெண்டு லிட்டரும் முடிச்சாச்சா?"

பாஞ்சாலி என்னைப் பார்த்தாள்.

"முடிச்சாங்க சிஸ்டர்" என்றேன்.

இது நான் சொன்னது. இதை வேறு யார்மேலும் போட முடியாது. முடிக்கவில்லை என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவள் மறுபடி அந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

"கடைசியா போனது மஞ்சளா, தெளிவா இருந்துச்சா?"

"எங்க கக்கூஸ்ல லைட்டே இல்லம்மா. தண்ணியாத்தான் போச்சு."

டீனா பேனாவை நிறுத்தி ஒரு கணம் யோசித்தார். பிறகு எதையோ எழுதினார். பாஞ்சாலி வளையல், மூக்குத்தி, தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பின்பக்கம் திறந்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தபோது, "இன்னாய்யா பாக்கறே, ஸ்கூல் டிராமாவுல மரம் வேஷம் போட்டாப்புல இருக்கா?" என்றாள். கையின் மேல்புறத்தில் ஊசி குத்தி, குழாய் பொருத்தி, உள்ளே கூட்டிப்போனார்கள்.

உள்ளே நடப்பதும் தாளில் இருந்தது. இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வைப்பார்கள். ஊசி வழியாகத் தூக்க மருந்து போகும். முழு மயக்கம் இல்லை, அரைத் தூக்கம். மருத்துவர் முதலில் விரலால் பரிசோதிப்பார். பிறகு சுண்டுவிரல் கனமுள்ள வளையும் குழாயை, நுனியில் கேமரா இருப்பதை, மெதுவாக உள்ளே செலுத்துவார். குடல் விரிய வேண்டும் என்பதற்காகக் காற்று விடுவார்கள், அதனால் வயிறு உப்பிப் பிடித்து இழுக்கும். இடது பக்கம் மேலே போய், குறுக்கே திரும்பி, வலது பக்கம் கீழே இறங்கினால் பெருங்குடல் தொடங்கும் இடம் வரும். அங்கே வரை போய், திரும்பி வரும்போதுதான் நிதானமாகப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் ஆகும்.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. "பாஞ்சாலி கூட வந்தவங்க யாரு? டாக்டர் கூப்புடறார்."

டாக்டர் மஞ்சுநாத் கையில் குழாயைப் பிடித்தபடி திரையைக் காட்டினார். பாஞ்சாலியின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு நர்ஸ் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். திரையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. இளஞ்சிவப்புச் சுவர், அதன்மேல் பழுப்பாகச் சேறு. தண்ணீர் பீய்ச்சினார், உறிஞ்சினார், மறுபடி சேறு. சேற்றில் பச்சைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"நோடி சார், பாருங்க, இங்க வரைக்கும் நல்லா இருக்கு. இதுக்கு மேல ரைட் சைடு, ஏனும் காணல்ல, ஒண்ணும் தெரியல. இது எல மாதிரி இருக்கே? சொப்பு சாப்ட்டாங்களா?"

சொப்பு என்றால் கன்னடத்தில் கீரை. எனக்கு நன்றாகத் தெரியும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பலவந்தமா போகக் கூடாது" என்று சொல்லிக் குழாயைப் பின்னால் இழுக்கத் தொடங்கினார்.

பிறகு, பக்கத்து அறையில் பாஞ்சாலி அரைக்கண் திறந்து படுத்திருந்தபோது, டாக்டர் கட்டிலருகே நின்று நிதானமாகத்தான் சொன்னார். "அம்மா, பார்த்த வரைக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா வலது பக்கம் பாக்க முடியல. மூணு வாரத்துல இன்னொரு சாரி மாடோணா, இன்னொரு தடவ செய்யலாம். இந்தத் தடவ சுத்தமா வரணும்." பாஞ்சாலி தலையாட்டினாள். "சரிங்க சார்" என்றும் சொன்னாள். டீனா என்னிடம், "அண்ணா, தூக்க மருந்துல அவங்களுக்கு இது நினைவு இருக்காது. நீங்கதான் சொல்லணும்" என்றார். தாளிலும் அது இருந்தது: மருத்துவர் சொல்வதை நோயாளி மறந்துவிடலாம், உடன் வருபவர் கேட்டுக்கொள்ளவும். அதையும் நான் தமிழில் எழுதியிருந்தேன்.

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததுமே சின்னத்தாயி ஓடிவந்தார்.

"இன்னாம்மே சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லன்னுட்டாருக்கா. டாக்டரே சொன்னாரு, என் காதால கேட்டேன். அம்மா கைவிடுவாளா?"

அவளுக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் நினைவிருந்தது. திரையும் சேறும் மூன்று வாரமும் எனக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் நாலு பேர் நின்றார்கள். காலையில் பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். அவள் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குள் போனாள். அந்த நேரத்தில் நான் எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ பாக்கணுமாம். வலது பக்கம் தெரியலயாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டர்தான். உன்கிட்டயும் சொன்னாரு."

"என்கிட்ட ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. அவங்களுக்கு இன்னா, மிஷின் சும்மா நிக்கக் கூடாது. வேணும்னா நீ போய்ப் படு அந்த டேபிள்ல."

"பாஞ்சாலி, சரியா சுத்தமாவல. அதனாலதான்..."

"எதனால?" என்று திரும்பினாள். தோசைக் கரண்டி கையில் இருந்தது.

கூழால் என்று நான் சொல்லவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று நம்புகிறவளிடம், அம்மன் கூழ்தான் கண்ணை மறைத்தது என்று எப்படிச் சொல்வது? ஊற்றிவிட்ட அரை லிட்டரால் என்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்தக் காலை நினைவுக்கு வரும். "மருந்து சரியா வேலை செய்யலயாம்" என்றேன். அவள் தோசையைத் திருப்பினாள்.

"அந்த வாசல்ல இன்னொரு தடவ நிக்கச் சொல்றியா?" என்று கேட்டாள்.

சுனிதா ஒக்கலிபுரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அங்கே வீட்டுக்குள்ளேயே கழிவறை. "அங்க போய் ஒரு ராத்திரி தங்கி..." என்று ஆரம்பித்தேன்.

"பொண்ணு குடுத்த வீட்டுல போய்க் கக்கூஸ்ல உக்காந்துக்கினு இருப்பாங்களா? சம்பந்தியம்மா கதவுக்கு வெளிய நிப்பாங்க. நல்லா இருக்குய்யா உன் யோசனை."

டீனா இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை அடுத்த வாரம் வருகிறோம் என்றேன். இரண்டாவது முறை, அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். எங்களுக்கு ஊர் என்று ஒன்றும் இல்லை. என் தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். "சீக்கிரம் கூட்டிட்டு வாங்கண்ணா, விட்றாதீங்க" என்றார் டீனா.

இரும்பு மாத்திரையை மறுபடி தொடங்கினாள். ஐப்பசியில் ரத்தம் ஒன்பதரைக்கு ஏறியது. "பாத்தியா?" என்றாள். நானும் பார்த்தேன். சில நாள் நானே நம்பினேன். ஏறுகிறதே, பிறகென்ன? வேறு சில நாள், யாரோ ஒருவர் வீட்டு லிஃப்டில் குழிக்குள் இறங்கி நிற்கும்போது, அந்தப் பச்சைத் துணுக்குகள் நினைவுக்கு வரும். மேலே ஏறி வந்ததும் மறந்துவிடும். எது என் உண்மையான எண்ணம் என்று இன்றும் தெரியவில்லை.

மாசியில் அவள் ரவிக்கைகள் தொளதொளத்தன. ரத்தம் ஏழுக்கு வந்துவிட்டது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வலது பக்கம் அடியில் ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். மறுபடி பரிசோதனைக்குப் பாஞ்சாலி ஒப்புக்கொண்டாள்.

இரண்டாவது தடவை சுனிதா வீட்டில் தங்கினோம். மருமகன் நரேஷ் கழிவறைக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினான். "அத்தே, இன்னிக்கி இது உங்க பேர்ல ரிஜிஸ்டர் ஆயிடுச்சு. எங்களுக்கு வேணும்னா நாங்க மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கிறோம்." சம்பந்தியம்மா கதவுக்கு வெளியே நிற்கவில்லை. இளநீர் வெட்டி வாங்கி, துணியில் வடிகட்டிக் கொடுத்தார். சுனிதா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து டம்ளரை நீட்டினாள். காலை மருந்தையும் கடைசிச் சொட்டு வரை பாஞ்சாலி குடித்தாள். ஆறே முக்காலுக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இந்தாய்யா, வந்து பாரு. மஞ்சளா, தெளிவா இருக்குது." போய்ப் பார்த்தேன். விளக்கு நன்றாக எரிந்தது. "இவ்ளோதானா? இதுக்கா அப்பிடிப் பயந்தேன்?" என்றாள்.

இந்தத் தடவை என்னைத் திரைக்குக் கூப்பிடவில்லை. முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. பெருங்குடல் தொடங்கும் இடத்திலேயே கட்டி இருந்தது. துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. அதற்குப் பிறகு எட்டு மாதம். அவற்றை நான் எழுதப்போவதில்லை. அவள் கார்த்திகையில் போனாள். கடைசி வரை கூழைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. அது சரியா என்றும் தெரியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, ஒரு பழைய மருந்துச் சீட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு டாக்டர் மஞ்சுநாத்தைப் பார்க்கப் போனேன். கூழ், கீரை, ஊற்றிவிட்ட மருந்து, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஏழு மாசம் முன்னாடியே பாத்திருந்தா சார்?"

"அப்போவே கல்லீரலுக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். இதை யாராலயும் சொல்ல முடியாது ராஜேந்திரன்."

"கூழாலயா, காலை மருந்தை விட்டதாலயா?"

"காலை டோஸ்தான் வலது பக்கத்தைச் சுத்தம் பண்ணும். ஆனா கீரை, ராகி... எல்லாமும்தான். இதையும் பிரிச்சுச் சொல்ல முடியாது." பிறகு, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். மகளுக்கு நாற்பது வயதானதும் இதே பரிசோதனையைச் செய்ய வேண்டும், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும் என்றார். ஒரு சீட்டில் அதை எழுதியும் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மூன்று வாரம் வைத்திருந்தேன். அதைக் கொடுத்தால் சுனிதா கேட்பாள், முதல் தடவையே ஏன் தெரியவில்லை என்று. ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தாள். மிஷின் சரியில்லை என்று சொல்லியிருந்தேன். கொடுக்காவிட்டால், பார்க்காத இடம் இன்னொன்று ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நரேஷ் வெளியே போயிருந்தான். சீட்டைக் கொடுத்துவிட்டு, முறத்திலிருந்து, கூழிலிருந்து, "முடிச்சாங்க சிஸ்டர்" வரை சொன்னேன். இரண்டு போன்களையும் சொன்னேன். சுனிதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மிஷின் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இங்கேருந்து வந்து இழுத்துக்கினு வந்திருப்பேனேப்பா. இவங்க யாராச்சும் வேணாம்னு சொல்லியிருப்பாங்களா? ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

அவள் அழுதாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். என்னைப் போகச் சொல்வாளோ என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, சீட்டை எடுத்து மறுபடி படித்தாள்.

"கோயில் கூழுன்னா அதுவும் சாப்பாடுதான். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நாப்பது ஆனதும்னா, முடிஞ்சதுமா, தொடங்கினதுமா?"

அதை டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சீட்டைப் பீரோவுக்குள் வைத்தாள். கோபம் போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் டீனாவுக்குப் போன் செய்து கேட்டேன். முடிந்ததும் தள்ளிப்போட வேண்டாம், நாற்பது தொடங்கும்போதே வந்துவிடட்டும், எதற்கும் பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்றார்.

சுனிதா பிறந்தது பிப்ரவரி ஒன்பது என்று, வருடத்தோடு சேர்த்துச் சொன்னேன்.